இழுத்தால் நிரம்பும் தேதிகள்

மாதம் பிறந்தால் வருகைப் பதிவேட்டில் தேதி போட வேண்டும். தையல் யூனிட், லேத் பட்டறை, டியூஷன் சென்டர் எதுவானாலும், எக்ஸெலில் பதிவேடு வைத்திருப்பவர்களில் பலர் இன்றும் ஒவ்வொரு தேதியாகத் தட்டுகிறார்கள். ஞாயிறு எங்கே வருகிறது என்று காலண்டரைப் பார்த்து, அதை விட்டுவிட்டு அடுத்ததைத் தட்டுகிறார்கள். இந்த வேலை முழுவதையும் செய்து தரும் ஒரு கைப்பிடி அந்தத் திரையிலேயே இருக்கிறது. நீங்கள் ஒரு செல்லைத் தேர்ந்தெடுத்ததும் அதைச் சுற்றி ஒரு பச்சைக் கட்டம் வரும். அந்தக் கட்டத்தின் வலது கீழ் மூலையில் கடுகளவுக்கு ஒரு சதுரம் இருக்கும். எக்ஸெல் அதை fill handle என்று அழைக்கிறது. மவுஸை அதன்மேல் கொண்டுபோனால் வெள்ளையாக இருந்த குறி மெல்லிய கறுப்புக் கூட்டல் குறியாக மாறும். அப்போது அழுத்திப் பிடித்துக் கீழே இழுத்தால் இழுத்த தூரம் வரை செல்கள் நிரம்பும்.

சதுரமே கண்ணில் படவில்லை என்றால் யாரோ அதை அணைத்து வைத்திருக்கிறார்கள் என்று பொருள். File, Options, Advanced என்று போய் Enable fill handle and cell drag-and-drop என்ற வரியில் டிக் போட்டால் வந்துவிடும்.

இழுப்பது எளிது. இழுத்தபின் என்ன வருகிறது என்பதில்தான் பலரும் குழம்புகிறார்கள். ஒரு செல்லில் 1 என்று தட்டி இழுத்தால் 1, 1, 1 என்றே வருகிறது. ஒரு தேதியைத் தட்டி இழுத்தால் தேதி ஒவ்வொன்றாக ஏறுகிறது. ‘அறை 1’ என்று தட்டி இழுத்தால் அறை 2, அறை 3 என்று ஏறுகிறது. ‘வருகை’ என்று தட்டி இழுத்தால் அந்தச் சொல்லே திரும்பத் திரும்ப வருகிறது. இதற்குப் பின்னால் ஒரே விதிதான் இருக்கிறது. செல்லில் உள்ளதை எக்ஸெல் எண்ணாக எடுத்துக்கொண்டதா, தேதியாக எடுத்துக்கொண்டதா, வெறும் எழுத்தாக எடுத்துக்கொண்டதா என்பதைப் பொறுத்தே நிரப்பும் முறை அமையும். தனி எண்ணை அது நகல் எடுக்கும். தேதியை ஒரு நாள் ஏற்றும். எழுத்தின் கடைசியில் எண் இருந்தால் அந்த எண்ணை ஏற்றும், எண்ணே இல்லாவிட்டால் பொதுவாக நகல் எடுக்கும். Ctrl விசையை அழுத்திக்கொண்டு இழுத்தால் இந்தப் பழக்கம் தலைகீழாகும். எண் ஏறும், தேதி நகலாகும். வரிசை எண் போட 1 என்று தட்டி Ctrl பிடித்து இழுத்தால் போதும் என்பது இதனால்தான். லிப்ரே ஆபீஸ் கால்க் பயன்படுத்துபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே தனி எண்ணும் சும்மா இழுத்தாலே ஏறும், Ctrl பிடித்தால்தான் நகலாகும்.

தேதி எப்படித் தானாக ஏறுகிறது? எக்ஸெலுக்குள் தேதி என்பது ஓர் எண்தான். 1900 ஜனவரி 1-ஐ 1 என்று வைத்துக்கொண்டு நாட்களை எண்ணிக்கொண்டே வருகிறது. அந்தக் கணக்கில் 2026 ஜனவரி 1 என்பது 46023. நாம் பார்க்கும் 01-01-2026 என்பது அந்த எண்ணுக்குப் போட்ட உடை மட்டுமே. எண் என்பதால் ஒன்றைக் கூட்ட முடிகிறது. இரண்டு தேதிகளைக் கழித்து இடையில் எத்தனை நாள் என்று பார்க்கவும் முடிகிறது. தேதி போட்ட செல்லில் திடீரென 46023 போல ஓர் எண் தெரிந்தால் பயப்பட வேண்டாம், உடை கழன்றிருக்கிறது, அவ்வளவுதான். Home தாவலில் General என்று இருக்கும் பெட்டியை Short Date என்று மாற்றினால் தேதி திரும்பிவிடும்.

தமிழ்நாட்டு அலுவலகங்களில் பழகியவர்கள் அதிகம் இடறும் இடம் ஒன்று உண்டு. நம் அரசுக் கடிதங்களில் தேதியைப் புள்ளி வைத்து எழுதுவதே வழக்கம்: 02.01.2026. கை அப்படியே பழகியிருப்பதால் எக்ஸெலிலும் அப்படியே தட்டுகிறோம். இந்திய ஆங்கில அமைப்பில் இருக்கும் கணினி தேதியின் நடுவே சிறு கோட்டையோ சாய்கோட்டையோ எதிர்பார்க்கிறது. புள்ளி வைத்ததை அது தேதியாக ஏற்பதில்லை, எழுத்தாக வைத்துக்கொள்கிறது. பார்வைக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. இழுத்துப் பார்த்தால்தான் தெரியும்: 02.01.2026, 02.01.2027, 02.01.2028 என்று நாளுக்குப் பதிலாக ஆண்டு ஏறிக்கொண்டு போகும். எழுத்தின் கடைசியில் உள்ள எண்ணை ஏற்றுவது எக்ஸெலின் விதி. கடைசியில் இருப்பது ஆண்டு என்பதால் அது ஏறுகிறது. இழுத்ததும் ஆண்டு ஏறினால் உங்கள் தேதி தேதியே இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம்.

இழுப்பதற்கு முன்பே கண்டுபிடிக்கவும் வழி இருக்கிறது. தட்டி Enter அழுத்தியதும் செல்லில் எந்தப் பக்கம் ஒட்டி நிற்கிறது என்று பாருங்கள். எண்ணும் தேதியும் வலப்பக்கம் ஒட்டும். எழுத்து இடப்பக்கம் ஒட்டும். யாரும் அதை நடுவில் நிறுத்தி வைக்காதவரை இந்த அடையாளம் பொய்க்காது.

புதிதாகத் தட்டும்போது 02-01-2026 என்று கோடு போட்டுப் பழகுவது நல்லது. ஏற்கெனவே நூற்றுக்கணக்கான தேதிகள் புள்ளியோடு இருந்தால் திரும்பத் தட்ட வேண்டியதில்லை. அந்த நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து Data தாவலில் Text to Columns என்பதை அழுத்துங்கள். Next, Next என்று மூன்றாம் படிக்குப் போய் Date என்பதைத் தேர்ந்தெடுத்து, பக்கத்துப் பெட்டியில் DMY வைத்து Finish கொடுங்கள். நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் படித்து எல்லாவற்றையும் உண்மையான தேதியாக மாற்றிவிடும். மாறியதும் அவை வலப்பக்கம் நகர்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

இதைவிடச் சிக்கலான தவறு கணினி அமெரிக்க அமைப்பில் இருக்கும்போது நடக்கிறது. அங்கே மாதம்தான் முதலில் வரும். நீங்கள் ஜனவரி 5 என்று நினைத்து 05-01-2026 தட்டினால் கணினி அதை மே 1 என்று எடுத்துக்கொள்ளும். வலப்பக்கம்தான் ஒட்டும், எந்த எச்சரிக்கையும் வராது. இழுத்தால் நடுவில் உள்ள எண் ஏறும். இதைச் சோதிக்க 13-01-2026 என்று ஒருமுறை தட்டிப் பாருங்கள். பதின்மூன்றாவது மாதம் கிடையாது என்பதால் அமெரிக்க அமைப்பில் அது எழுத்தாக இடப்பக்கம் நின்றுவிடும். அப்படி நின்றால் விண்டோஸ் அமைப்புகளில் Regional format என்ற இடத்தில் English (India) என்று மாற்றிய பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். மாதக் கணக்கு முடிந்த பிறகு இந்தத் தவறைத் தேடுவது மிகக் கடினம்.

பில் எண்ணிலும் இதே ‘கடைசி எண்’ விதி காலை வாருகிறது. TN-001 என்று வைத்திருந்தால் TN-002, TN-003 என்று முன்னால் உள்ள சைபர்கள் கெடாமல் அழகாக ஏறும். ஆனால் பல கடைகளில் எண்ணுக்குப் பின்னால் நிதியாண்டையும் சேர்த்து 001/2025-26 என்று போடுகிறார்கள். அதை இழுத்தால் 001/2025-27, 001/2025-28 என்று நிதியாண்டு ஏறும், பில் எண் அப்படியே நிற்கும். ஏற வேண்டிய எண் கடைசியில் இருக்குமாறு 2025-26/001 என்று எழுதிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. பழைய வடிவத்தை மாற்ற முடியாதவர்கள் இந்த ஃபார்முலாவைப் போட்டு இழுக்கலாம்:

```
=TEXT(ROW(A1),"000")&"/2025-26"
```

எண்களில் இன்னொரு வசதி, இரண்டு செல்களைக் காட்டிக் கொடுப்பது. 5, 10 என்று அடுத்தடுத்த செல்களில் தட்டி இரண்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து இழுத்தால் 15, 20, 25 என்று போகும். தேதியிலும் அப்படியே. 05-01-2026, 12-01-2026 என்று இரண்டு திங்கட்கிழமைகளைக் கொடுத்தால் திங்கள் திங்களாக வரும். வாரத் தவணை வசூலிப்பவர்களுக்கு இது ஒன்றே போதும். ஆனால் இப்படி இழுக்கும்போது எக்ஸெல் கூட்டல் முறையில்தான் யோசிக்கும். 2, 4 என்று கொடுத்து 8 வரும் என்று எதிர்பார்த்தால் 6 தான் வரும். 2, 4, 8 என்று மூன்றைக் கொடுத்தால் அடுத்தது 16 வராமல் 10.66667 என்று வரும். மூன்று புள்ளிகளுக்கும் மிக நெருக்கமாக ஒரு நேர்க்கோடு போட்டு, அந்தக் கோட்டின் அடுத்த புள்ளியை அது தருகிறது. முழு எண்கள் மட்டும் இருக்க வேண்டிய பட்டியலில் திடீரென இப்படித் தசமம் வந்தால், கொடுத்த எண்களுக்கிடையே இடைவெளி சமமாக இல்லை என்பதே காரணம். பெருக்கல் வரிசை வேண்டுமென்றால் மவுஸின் வலது பொத்தானை அழுத்திக்கொண்டு இழுத்து, விடும்போது வரும் பட்டியலில் Growth Trend என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வலது பொத்தானால் இழுக்கும் இந்தப் பழக்கத்தை எல்லோரும் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். சும்மா இழுத்தால் எக்ஸெல் தானாக முடிவெடுக்கிறது. வலது பொத்தானால் இழுத்தால் முடிவை உங்களிடம் கேட்கிறது. தேதியை இப்படி இழுத்துவிட்டால் Fill Days, Fill Weekdays, Fill Months, Fill Years என்று நான்கு வழிகள் காட்டும். கடைசியில் Series என்றும் ஒன்று இருக்கும். அதற்குள் போனால் Step value என்ற பெட்டியில் எத்தனை எத்தனையாகத் தாவ வேண்டும் என்றும், Stop value என்ற பெட்டியில் எங்கே நிற்க வேண்டும் என்றும் எழுதலாம். 1 முதல் 1000 வரை வரிசை எண் வேண்டும்போது திரையை உருட்டி உருட்டி இழுத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. முதல் செல்லில் 1 தட்டி, அதன்மேல் நின்றபடி Home தாவலில் Fill, Series என்று போய், Columns தேர்ந்தெடுத்து, Step 1, Stop 1000 கொடுத்தால் நொடியில் முடியும்.

இனி நம் வருகைப் பதிவேட்டுக்கு வருவோம். திங்கள் முதல் சனி வரை ஆறு நாள் இயங்கும் ஒரு தையல் யூனிட்டுக்கு 2026 ஜனவரி மாதப் பதிவேடு போடுவதாக வைத்துக்கொள்வோம். ஜனவரி 1 வியாழக்கிழமை, புத்தாண்டு விடுமுறை. வேலை தொடங்குவது 2-ஆம் தேதி வெள்ளிக்கிழமை. பொங்கல் 15, திருவள்ளுவர் தினம் 16, உழவர் திருநாள் 17, குடியரசு தினம் 26. ஞாயிறுகள் 4, 11, 18, 25.

A2 செல்லில் 02-01-2026 தட்டி, வலது பொத்தானால் இழுத்து Fill Weekdays கொடுத்தால் என்ன வரும்? 2, 5, 6, 7, 8, 9, 12, 13, 14, 15, 16, 19 என்று வரும். ஞாயிறு போய்விட்டது, நல்லது. ஆனால் 3-ஆம் தேதி சனிக்கிழமையும், 10-ஆம் தேதி சனிக்கிழமையும் போய்விட்டன. பொங்கலும் திருவள்ளுவர் தினமும் வேலை நாளாக உட்கார்ந்திருக்கின்றன. Fill Weekdays என்றால் எக்ஸெலுக்குத் திங்கள் முதல் வெள்ளி வரை, அவ்வளவுதான். சனியும் ஞாயிறும் விடுமுறை என்பது அதில் பதிந்துபோன முடிவு, அந்தப் பட்டியலில் அதை மாற்ற இடமில்லை. எந்த ஊர் விடுமுறையும் அதற்குத் தெரியாது. ஐந்து நாள் அலுவலகத்துக்கு அது பயன்படும். ஆறு நாள் உழைக்கும் இடங்களுக்குப் பயன்படாது.

அதற்கு WORKDAY.INTL என்ற ஃபார்முலா இருக்கிறது. எக்ஸெல் 2010 முதல் எல்லாப் பதிப்புகளிலும் உண்டு. முதலில் F நெடுவரிசையில் விடுமுறைகளை எழுதிவிடுங்கள். F1-இல் ‘விடுமுறை’ என்ற தலைப்பு, F2 முதல் F6 வரை ஜனவரி 1, 15, 16, 17, 26 ஆகிய ஐந்து தேதிகள். கோடு போட்டே எழுதுங்கள். A2-இல் முதல் வேலை நாளான 02-01-2026. A3-இல் இது:

```
=WORKDAY.INTL(A2,1,11,$F$2:$F$6)
```

மேலே உள்ள தேதிக்கு அடுத்த வேலை நாளைக் கொடு என்பதே இதன் பொருள். 1 என்பது ஒரு வேலை நாள் தள்ளி. 11 என்பது ஞாயிறு மட்டும் வார விடுமுறை என்பதற்கான குறியீடு. வளைகுடா நாடுகளில் உள்ள அலுவலகத்துக்கு வெள்ளி, சனி விடுமுறை என்றால் அந்த இடத்தில் 7 போட வேண்டும். ஃபார்முலா போட்டதும் A3-இல் 46025 என்று வந்தால் மேலே சொன்னபடி Short Date கொடுங்கள், 03-01-2026 என்று தெரியும். பிறகு A3-இன் மூலைச் சதுரத்தைப் பிடித்து A23 வரை இழுங்கள். 14-ஆம் தேதிக்கு அடுத்த செல்லில் 19 வரும். 24-க்கு அடுத்து 27 வரும். A23-இல் 31-01-2026 வந்து நிற்கும். மொத்தம் 22 வேலை நாள்.

$ குறிகளை விட்டுவிடாதீர்கள். இழுக்கும்போது எக்ஸெல் ஃபார்முலாவுக்குள் இருக்கும் செல் பெயர்களையும் ஒவ்வொரு வரிசையாகக் கீழே நகர்த்தும். A2 நகர வேண்டும், விடுமுறைப் பட்டியல் நகரக் கூடாது. $ இல்லாவிட்டால் பட்டியல் வழுக்கிக்கொண்டே போய், A13-க்கு வரும்போது வெறும் செல்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். அங்கே 19-க்குப் பதிலாக 15 தெரிந்தால் இதுதான் காரணம். மேலே உள்ள முதல் சில தேதிகள் சரியாகவே இருப்பதால், கீழ் வரை பார்க்காதவர்களுக்கு இந்தத் தவறு தெரியவே தெரியாது.

பக்கத்தில் கிழமை வேண்டுமா? B2-இல் இதைப் போடுங்கள்:

```
=TEXT(A2,"[$-449]dddd")
```

விண்டோஸ் கணினியில் கிழமைப் பெயர் தமிழிலேயே வரும். 449 என்பது தமிழுக்கான எண். இப்போது இழுக்கக்கூட வேண்டாம். B2-இன் மூலைச் சதுரத்தை இருமுறை கிளிக் செய்யுங்கள். பக்கத்து நெடுவரிசையில் தேதி எதுவரை இருக்கிறதோ அதுவரை தானாக நிரம்பிவிடும். தேதியே இல்லாமல் கிழமைப் பெயர் மட்டும் வரிசையாக வேண்டுமென்றால் வேறு வழி. Monday என்று தட்டி இழுத்தால் Tuesday வருகிறது, ‘திங்கள்’ என்று தட்டினால் பொதுவாகத் திங்களே திரும்ப வருகிறது. ஆங்கிலப் பெயர்கள் எக்ஸெலின் உள் பட்டியலில் இருக்கின்றன. தமிழ்ப் பெயர்களை நாம்தான் சேர்க்க வேண்டும். File, Options, Advanced என்று போய் அடிப்பகுதியில் Edit Custom Lists என்பதை அழுத்தி, ஞாயிறு முதல் சனி வரை ஒரு வரிக்கு ஒன்றாக எழுதி Add கொடுத்தால் அந்தக் கணினியில் என்றைக்கும் இருக்கும். சித்திரை முதல் பங்குனி வரையும் அப்படியே சேர்க்கலாம். பட்டியல் அந்தக் கணினியில் பதிவாவதால், கோப்பை இன்னொருவருக்கு அனுப்பினால் அவர் இழுக்கும்போது அது வேலை செய்யாது.

மாதத் தவணை போடுபவர்களுக்கு ஒரு விஷயம். 31-01-2026 என்று தொடங்கி Fill Months கொடுத்தால் பிப்ரவரி 28, மார்ச் 31, ஏப்ரல் 30 என்று ஒவ்வொரு மாதத்துக்கும் ஏற்பச் சரியாக வரும். இதையே =EDATE(A2,1) என்ற ஃபார்முலாவில் போட்டு இழுத்தால் பிப்ரவரி 28-க்கு அடுத்தது மார்ச் 28, ஏப்ரல் 28 என்று 28-லேயே சிக்கிக்கொள்ளும். ஒவ்வொரு செல்லும் தனக்கு மேலே உள்ளதை மட்டுமே பார்ப்பதால் தொடக்கத்தில் 31 இருந்தது அதற்குத் தெரியாது. எப்போதும் முதல் தேதியிலிருந்தே கணக்கிடச் சொன்னால் இது நடக்காது:

```
=EDATE($A$2,ROW(A1))
```

ஃபார்முலாவுக்கும் வெறுமனே நிரப்புவதற்கும் உள்ள வேறுபாடு இன்னொன்றும் உண்டு. Fill Months கொடுத்து நிரப்பியவை உறைந்த தேதிகள். முதல் தேதியை மாற்றினால் மற்றவை மாறாது, மறுபடி இழுக்க வேண்டும். ஃபார்முலா போட்டவை முதல் தேதியைத் தொட்டதும் எல்லாமே மாறும். நம் பதிவேட்டில் A2-ஐ 02-02-2026 என்று மாற்றி, F நெடுவரிசையில் அந்த மாத விடுமுறைகளை எழுதினால் பிப்ரவரி தயார். ஆனால் A2-இல் தருவது உண்மையிலேயே வேலை நாளா என்று ஃபார்முலா பார்ப்பதில்லை, அதை நீங்கள்தான் சரியாகத் தர வேண்டும். வேலை நாட்களின் எண்ணிக்கையும் மாதத்துக்கு மாதம் மாறும். வார நாளில் வேறு விடுமுறை இல்லாத ஆறு நாள் பிப்ரவரியில் 24 நாள் வரும் என்பதால் இன்னும் இரண்டு வரிசை இழுக்க வேண்டும்.

நிரப்பி முடித்ததும் கடைசி செல்லுக்குப் போய்ப் பாருங்கள். அங்கே அந்த மாதத்தின் கடைசி வேலை நாள் இருக்க வேண்டும், வலப்பக்கம் ஒட்டியிருக்க வேண்டும், ஆண்டு மாறியிருக்கக் கூடாது. விடுமுறைக்கு முன்னும் பின்னும் உள்ள இரண்டு தேதிகளையும் காலண்டரோடு ஒப்பிட்டுவிட்டால் பதிவேட்டை அச்சுக்குக் கொடுத்துவிடலாம்.